அக்குள் கருமையும் கழுத்துக் கருமையும்: ஒன்றா, இரண்டா?

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று ஆண்டுகளாக வாரம் இருமுறை, குளிக்கும்போது ரேஸரால் அக்குளை மழித்துக்கொள்கிறேன். குளித்து வந்தவுடன் டியோடரன்ட் அடிப்பது வழக்கம். எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு டியோடரன்ட்டுக்கு மாறினேன். சில நாள்கள் எரிச்சலும் அரிப்பும் இருந்தன. பிறகு அக்குளின் நடுப்பகுதி நன்றாகக் கருத்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து தேய்த்துப் பார்த்தேன், இன்னும் கருத்தது. "இது சர்க்கரை நோயின் அறிகுறி, உனக்குக் கழுத்தின் பின்புறமும் கருத்திருக்கிறது" என்கிறாள் அக்கா. கழுத்து பள்ளி நாள்களிலிருந்தே அப்படித்தான் என்கிறார் அம்மா. மாதவிடாயும் 40, 50 நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. எனக்குச் சர்க்கரை நோயா? அக்குளுக்கு எந்த கிரீம் பூசலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அக்காவின் சந்தேகம் கழுத்தைப் பொறுத்தவரை நியாயமானது. அக்குளைப் பொறுத்தவரை அநேகமாகத் தவறானது. நேரில் பார்க்காமல் தோல் நோயை உறுதிப்படுத்த முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பவை வெவ்வேறு காரணங்களால் வந்த இரண்டு கருமைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் இரண்டு விதத்தில் தவறு நேரும். அக்குளில் டியோடரன்ட் செய்த வேலைக்குச் சர்க்கரை நோயைக் காரணம் காட்டி வீணாகப் பயப்படுவீர்கள். அல்லது எல்லாமே ரேஸரால் வந்தது என்று எண்ணி, கழுத்து பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் செய்தியைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

அக்குளில் தொடங்குகிறேன். நம் மேல்தோலின் அடிவரிசையில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன. தோலில் எங்கேனும் அழற்சி ஏற்படும்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் இந்த அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அவை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிறமியை உண்டாக்கி, அக்கம்பக்கத்து அணுக்களுக்குள் செலுத்துகின்றன. சிவப்பும் எரிச்சலும் சில நாள்களில் அடங்கிவிடும். நிறமி மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடும். முகப்பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதும் இதே வழியில்தான். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இந்த விளைவு கூடுதலாகத் தெரியும். பல சமயம் அழற்சியின் சிவப்பு கண்ணுக்கே தெரியாமல் போய், கருமை மட்டுமே தெரியும். அதனால்தான் "எனக்கு அங்கே புண் எதுவும் வந்ததில்லையே, ஏன் கருத்தது?" என்று பலர் கேட்கிறார்கள்.

அழற்சி சிறிதாக இருந்தால் நிறமி மேல்தோலுக்குள்ளேயே நின்றுவிடும். பழுப்பு நிறத்தில் தெரியும். சில மாதங்களில் மங்கும். அழற்சி கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ வந்தால், அடிவரிசை அணுக்கள் சேதமடைந்து, நிறமி கீழடுக்குக்குள் சிந்திவிடுகிறது. அங்கே அதை விழுங்கிய அணுக்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இத்தகைய கருமை சற்றுச் சாம்பல் அல்லது நீலம் கலந்து தெரியும். மங்குவதற்கு ஆண்டுகள்கூட ஆகலாம். எந்த கிரீம் என்பதைவிட, அழற்சி திரும்ப வராமல் நிறுத்துவதற்கு நான் முதலிடம் தருவது இதனால்தான்.

ரேஸர் முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் உலர்ந்த மேற்படலத்தில் ஒரு பகுதியையும் சுரண்டி எடுத்துவிடுகிறது. அக்குள் குழிவான இடம், அங்கே முடி ஒரே திசையில் வளர்வதும் இல்லை. ஆகவே ஒரே இடத்தில் பிளேடை நான்கைந்து முறை ஓட்ட வேண்டியிருக்கிறது. இப்படிப் பாதுகாப்பை இழந்த தோலின் மேல், சில நிமிடங்களுக்குள், ஆல்கஹாலும் நறுமணப் பொருள்களும் கொண்ட டியோடரன்ட் படுகிறது. அது வியர்வையையும் தடுக்கும் வகையாக இருந்தால் அலுமினிய உப்புகளும் சேரும். பிறகு கையைத் தாழ்த்தியதும் அந்த இடம் மூடிக்கொள்கிறது. ஈரமும் உராய்வும் சேர்ந்து, பூசியதைத் தோலுக்குள் அழுத்துகின்றன. முழங்கையில் எதுவும் செய்யாத ஒரு திரவம் அக்குளில் எரிச்சல் தருவதற்கு இந்தச் சூழ்நிலையே போதும்.

நீங்கள் செய்த வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 அளவில் இருக்கும். சமையல் சோடாக் கரைசலோ 8-க்கு மேல். இரண்டையும் கலந்தால் நுரைத்துக்கொண்டு ஒன்றையொன்று பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். மிஞ்சுவது ஓர் உப்புக் கரைசல், கரையாத சொரசொரப்பான துகள்கள், தேய்த்த விரல்களின் அழுத்தம் ஆகியவைதாம். இவற்றில் எதற்கும் மெலனினைக் கரைக்கும் ஆற்றல் இல்லை. ஏற்கெனவே அழற்சி கண்ட தோலைத் தேய்த்து மீண்டும் அழற்சி உண்டாக்கியதால்தான் கருமை கூடியது. நாரால் தேய்ப்பது, ஸ்கிரப் போடுவது ஆகியவற்றின் விளைவும் இதுவே.

இனி கழுத்து. மருத்துவத்தில் இந்த நிலைக்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். இங்கே கருமை தெரிவதற்கு முதன்மையான காரணம் நிறமி கூடியது அல்ல. மேல்தோல் தடித்து, நுண்ணிய மடிப்புகளாக எழும்பி நிற்பதே காரணம். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது, கணையம் அதைக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் இந்த இன்சுலின், தோல் அணுக்களில் வளர்ச்சிக்கான கட்டளையைப் பெறும் ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றைப் பெருகச் செய்கிறது. ஆகவே இது உள்ளிருந்து வருவது. ரேஸருக்கும் டியோடரன்ட்டுக்கும் இதில் பங்கில்லை. தேய்த்துக் கழுவினால் போகும் அழுக்கும் அல்ல. இந்தக் கழுத்தைப் பார்த்து "சரியாகக் குளிப்பதில்லையா?" என்று கேட்கப்பட்டுப் பள்ளி நாள்களில் புண்பட்ட பிள்ளைகள் ஏராளம், நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிவதற்குக் கண்ணைவிட விரல் நல்ல கருவி. கடைசியாக மழித்து மூன்று நான்கு நாள்கள் ஆன பிறகு, குளித்து, நன்கு உலர்ந்த தோலில், எதுவும் பூசாமல், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கருமையின் நடுவிலிருந்து கருமையில்லாத தோல்வரை விரல்நுனியை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். அழற்சிக்குப் பின் வந்த கருமையில் விரலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் கருமை எங்கே முடிகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அகாந்தோசிஸில் விரல் ஏதோ ஒரு வெல்வெட் துணியிலிருந்து சாதாரணத் துணிக்கு வந்ததுபோல வேறுபாட்டை உணரும். அடுத்து, இரு விரல்களால் தோலை லேசாக விரித்துப் பாருங்கள். முதல் வகையில் சீரான பழுப்புப் படலம்தான் தெரியும். இரண்டாவது வகையில் தோலின் இயற்கையான வரிகள் ஆழமாகி, வரிகளுக்கிடையே சின்னஞ்சிறு மேடுகள் எழும்பி நிற்பது தெரியும். அதே இடத்தில் தோல் நிறத்திலோ பழுப்பாகவோ, சிறு காம்புடன் தொங்கும் மென்மையான மருக்கள் இருந்தால் இரண்டாவது வகைக்கான வாய்ப்பு மேலும் கூடும்.

பிறகு கருமையின் எல்லையைக் கவனியுங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இந்த அடையாளம் மிகவும் பயனுள்ளது. டியோடரன்ட்டால் வந்த கருமை, டியோடரன்ட் படும் இடத்தில், அதாவது குழியின் நடுவில் முடி வளரும் பரப்பில் மிகுதியாக இருக்கும். உடையின் சாயமோ உராய்வோ காரணமானால் நேர்மாறாக இருக்கும். துணி உரசும் முன்மடிப்பும் பின்மடிப்பும் கருத்திருக்க, குழியின் நடுப்பகுதி தப்பியிருக்கும். அகாந்தோசிஸின் கருமை மடிப்புகளைப் பின்பற்றி, தெளிவான எல்லையின்றி, சிறிது சிறிதாகச் சாதாரணத் தோலோடு கலந்துவிடும். இரண்டு அக்குள்களிலும் ஏறத்தாழ ஒரேமாதிரி இருக்கும். அக்குளோடு நிற்காமல் கழுத்தின் பின்புறம், பக்கவாட்டு, தொடையிடுக்கு, சிலருக்கு விரல் மூட்டுகளின் மேற்புறம் என்று பல இடங்களில் தென்படும். அரிப்பும் எரிச்சலும் பெரும்பாலும் இருக்காது. "எந்த மாதத்தில் தொடங்கியது?" என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல முடியாது. உங்களால் அக்குளைப் பற்றி அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. கழுத்தைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்து குழப்பும். ரேஸர் முடியைத் தோலின் மட்டத்தில் வெட்டுவதால், தோலுக்குள் இருக்கும் முடியின் அடிப்பகுதி மெல்லிய தோல் வழியே கருஞ்சாம்பலாகத் தெரியும். இது நிறமியும் இல்லை, தடிப்பும் இல்லை, வெறும் நிழல். கூர்ந்து பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். முடியை வேரோடு எடுத்தவர்களுக்கு அக்குள் உடனே சற்றுத் தெளிந்ததுபோலத் தோன்றுவதற்கு இந்த நிழல் மறைவதே காரணம். தோல் ஒன்றும் வெளுத்துவிடவில்லை. அடர்ந்த முடி உள்ளவர்களுக்கு அக்குள் கருமையில் கணிசமான பங்கு இந்த நிழலுடையதாகவே இருக்கலாம். அதற்கு எந்த கிரீமும் பயன்படாது.

இந்த அடையாளங்களை உங்கள் கடிதத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். அக்குள் கருமைக்கு ஒரு தொடக்க நாள் இருக்கிறது, அதற்குமுன் எரிச்சலும் அரிப்பும் வந்தன, நடுப்பகுதி கருத்தது, தேய்த்ததும் மிகுந்தது. நான்கும் அழற்சிக்குப் பிந்தைய கருமையையே சுட்டுகின்றன. கழுத்து அப்படியில்லை. அங்கே நீங்கள் மழிப்பதும் இல்லை, டியோடரன்ட் பூசுவதும் இல்லை, ஆண்டுகளாக இருக்கிறது, கூடவே மாதவிடாய் தள்ளிப்போகிறது. விரலால் தொட்டுப் பார்க்கும்போது கழுத்து வெல்வெட்போல இருந்தால், அகாந்தோசிஸ் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லலாம். அக்குளின் நடுப்பகுதி மென்மையாகவும் அதன் ஓர மடிப்புகள் தடிப்பாகவும் இருந்தால், இரண்டும் ஒரே அக்குளில் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அது அரிதான நிலையும் அல்ல.

அக்குளுக்குச் செய்ய வேண்டியதில் முதல் படி, நான்கு வாரங்கள் அதைச் சும்மா விடுவது. அந்த நான்கு வாரங்களில் ரேஸர், டியோடரன்ட், தேய்ப்பு எதுவும் வேண்டாம். முடி நீளமாக இருப்பது பொறுக்க முடியாவிட்டால் டிரிம்மரால் தோலில் படாமல் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். வாடையைப் பற்றிக் கவலைப்படுவீர்கள் என்பது தெரியும். வியர்வைக்கென்று பெரிய வாடை இல்லை. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதே வாடை வருகிறது. ஆகவே காலையும் மாலையும் மணமற்ற மென்மையான சோப்பால் கையாலேயே கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, தளர்வான பருத்தி உடை அணிந்தால் பெரும்பாலோருக்கு இந்த இடைவெளியைக் கடக்க முடிகிறது. இப்போதும் அரிப்போ சிவப்போ மிச்சமிருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீத கிரீமை ஐந்து முதல் ஏழு நாள்கள்வரை மட்டும் பூசலாம். அதற்குமேல் தொடரக் கூடாது.

நான்கு வாரங்கள் கழித்து அந்த டியோடரன்ட்டை நேரடியாக அக்குளில் பூசிச் சோதிக்காதீர்கள். முன்கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், நாளுக்கு இருமுறை வீதம் ஏழு நாள்கள் பூசுங்கள். ஸ்ப்ரேயாக இருந்தால் அருகில் வைத்து அடித்து, ஆவியாகவிடுங்கள். சில நாள்கள் கழித்து அந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றினால், அது அநேகமாக ஒவ்வாமை. நறுமணப் பொருள்களே இதற்கு அடிக்கடி காரணமாக இருக்கின்றன. அப்படியானால் அந்தப் பொருளை நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். எந்தச் சேர்மானம் என்று அறிய, முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனையைத் தோல் மருத்துவர் செய்வார். ஏழு நாள்களிலும் ஒன்றும் நேரவில்லை என்றால், மழித்த தோலில் உடனே பூசியதுதான் தவறு என்று கொள்ளலாம். ஆனால் முன்கையின் தோல் அக்குளைவிடத் தாங்கும் என்பதால், இந்தத் தேர்வில் தேறிய பொருளும் அக்குளில் எரிச்சல் தர வாய்ப்பு உண்டு. முதல் சில நாள்கள் ஒரு பக்க அக்குளில் மட்டும் பூசிப் பார்ப்பது நல்லது. மணமற்றது, ஆல்கஹால் இல்லாதது என்று தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

மீண்டும் மழிக்கத்தான் வேண்டும் என்றால், குளியலின் முடிவில், வெதுவெதுப்பான நீரில் முடி இரண்டு மூன்று நிமிடங்கள் ஊறிய பிறகு, மணமற்ற ஷேவிங் ஜெல் தடவி, புதிய பிளேடால், அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். ஒட்ட மழிக்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிட வேண்டும். எதிர்த்திசையில் இழுத்து மழிக்கும்போதுதான் முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து, சிறு கட்டிகளையும் புதிய கரும்புள்ளிகளையும் உண்டாக்குகிறது. இரவில் மழித்து, டியோடரன்ட்டை மறுநாள் மாலைவரை தள்ளிப்போடுங்கள். நிழலும் சேர்ந்து தொல்லை தருகிறது என்றால், தழும்புக்கோ புதிய கருமைக்கோ இடம் தராதபடி உங்கள் தோல் நிறத்துக்கேற்ற லேசர் முறையைப் பற்றித் தோல் மருத்துவரிடம் பேசலாம். கருத்த தோலில் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் வகை லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அழற்சி அடங்காத அக்குளில் எந்த லேசரும் கூடாது.

நீங்கள் கேட்ட கிரீம் இந்த இடத்தில்தான் வருகிறது. அழற்சி அடங்கிய பிறகு, அசெலாயிக் அமிலம் 10 சதவீத கிரீமை ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், உலர்ந்த தோலில் மெல்லியதாகப் பூசத் தொடங்கலாம். தொடக்கத்தில் லேசான குறுகுறுப்பு இருப்பது இயல்பு. சிவந்து எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். தாங்கினால் இரண்டு வாரங்களுக்குப் பின் தினமும் பூசலாம். எரிச்சல் எளிதில் வரும் தோலாக இருந்தால், நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் உள்ள கிரீமில் தொடங்குவது மென்மையான வழி. மூன்று மாதங்களுக்குக் குறைவாகப் பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்ல முடியாது. தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அக்குளின் தோல் பலருக்கு இயல்பாகவே கையின் தோலைவிடச் சற்றுக் கருத்துத்தான் இருக்கும். எரிச்சலுக்கு முன்பிருந்த நிறத்துக்குத் திரும்புவதே சிகிச்சையின் எல்லை. விளம்பரத்தில் காட்டும் அக்குள் அதற்கு அளவுகோல் அன்று.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வெளுக்க வைக்கும் கிரீம் என்று மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைப்பவற்றில் ஹைட்ரோகுயினோனும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்தவை உண்டு. இரண்டு வாரங்களில் நிறம் தெளிவதால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. அக்குள் மூடிய இடம். பூசிய ஸ்டீராய்டு அங்கே மற்ற இடங்களைவிட மிகுதியாக உள்ளே இறங்கித் தோலை மெலியச் செய்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால், பிரசவத்துக்குப் பின் வயிற்றில் வருவது போன்ற வரித் தழும்புகள் அக்குளில் விழும், அவை மறைவதில்லை. ஹைட்ரோகுயினோனைக் கண்காணிப்பின்றி நெடுநாள் பூசியவர்களுக்குத் தோல் நீலம் கலந்து கருத்துப்போவதும் உண்டு. கருமையைப் போக்க வாங்கியது, போக்கவே முடியாத கருமையைத் தந்துவிடும்.

கழுத்துக்கு இவற்றில் எதுவும் முதன்மைச் சிகிச்சை ஆகாது. யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீம்கள் தடிப்பைச் சற்று மென்மையாக்கும். அடாபலீன், டிரெட்டினாயின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தரக்கூடும், ஆனால் கருத்தரிக்கத் திட்டம் இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்நிலையில் இவை தவிர்க்கப்படும். காரணம் உள்ளே இருக்கும்வரை கிரீமின் பலன் தற்காலிகமானதே. ஆகவே ஒரு பொதுமருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பார்த்து, வெறும் வயிற்றில் சர்க்கரை அளவும், கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்று அளவு 100-க்குக் கீழும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழும் இருந்தால் இயல்பு. 126-ம் அதற்கு மேலும், அல்லது 6.5-ம் அதற்கு மேலும் இருந்து, மறுபரிசோதனையிலும் உறுதியானால் சர்க்கரை நோய். இடைப்பட்டது முன்நிலை.

இந்த எண்கள் இயல்பாக வந்தால் "அக்கா சொன்னது பொய்" என்று விட்டுவிடாதீர்கள். கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கும்வரை இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். கழுத்து கருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. அதனால் இது சர்க்கரை நோய்க்கான சான்று ஆகாது. அந்தத் திசையில் உடல் சாய்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். உங்களுக்கு மாதவிடாயும் தள்ளிப்போவதால், சினைப்பை நீர்க்கட்டி நோய் எனப்படும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் சோதனையும் ஸ்கேனும் செய்து பார்ப்பது அவசியம். அங்கும் இன்சுலினுக்கு இணங்காத அதே நிலைதான் பலருக்கு அடியில் இருக்கிறது. எடை கூடுதலாக இருந்தால், இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராவதும் கழுத்தின் தடிப்பு குறைவதும் பலரிடம் காணப்படுகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. மெட்ஃபார்மின் வேண்டுமா என்பதைச் சோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார்.

அகாந்தோசிஸ் உள்ளவர்கள் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர். பரம்பரையாக வருவதும், ஸ்டீராய்டு மாத்திரைகள், சில கருத்தடை மாத்திரைகள், அதிக அளவு நியாசின் ஆகியவற்றால் வருவதும் உண்டு. ஆகவே நீங்கள் எடுக்கும் மாத்திரைகள் அனைத்தின் பெயரையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு வாசகர்களுக்காக ஒன்று: நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரெனத் தோன்றி வேகமாகப் பரவும் வெல்வெட் கருமை, காரணமில்லாத எடை இழப்பு, உதட்டிலோ வாயிலோ உள்ளங்கையிலோ தடிப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், இரைப்பைப் புற்றுநோய் உள்ளிட்டவற்றைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும், அவர்கள் காத்திருக்கக் கூடாது. பள்ளி நாள்களிலிருந்து மாறாமல் இருக்கும் உங்கள் கழுத்துக்கு அந்தக் கவலை பொருந்தாது.

நான்கு வார ஓய்வுக்குப் பிறகும் அக்குளில் அரிப்பு நிற்கவில்லை என்றாலோ, கருமை செம்பழுப்பாகத் தெளிவான விளிம்புடன், மெல்லிய செதில்களுடன் இருந்தாலோ, மேலே சொன்ன இரண்டும் அல்லாத ஒரு தொற்று இருக்கக்கூடும். எரித்ராஸ்மா எனப்படும் பாக்டீரியா தொற்று வுட்ஸ் விளக்கின் புறஊதா ஒளியில் பவளச் சிவப்பாக ஒளிரும். படர்தாமரையாக இருந்தால் சுரண்டி எடுத்த செதிலில் பூஞ்சை தெரியும். இரண்டையும் தோல் மருத்துவர் சில நிமிடங்களில் பிரித்தறிந்துவிடுவார். அவரைப் பார்க்கப் போகும் நாளில் அக்குளில் எதுவும் பூசாமல், குறிப்பாக வுட்ஸ் விளக்குச் சோதனைக்கு முன் கழுவாமல் செல்லுங்கள். அந்தப் பவளச் சிவப்பு நீரில் கரைந்துவிடக்கூடியது. நீங்கள் பயன்படுத்திய இரண்டு டியோடரன்ட் குப்பிகளையும் சேர்மானப் பட்டியல் தெரியும்படி கையோடு எடுத்துச் செல்லுங்கள்.